நாளைக்கு 10 மணிக்கா 2 மணிக்கா: சிறுகதை, படித்துவிட்டுத் திட்டுங்கள்

பஞ்சுத்தூசி (சனி, மாலை 6.10)

சேலம் பக்கம் மில்லில் வேலை பார்ப்பவர்களைப் பற்றி எழுதிப் பார்த்தேன். கதையில் வரும் மில்லும் ஓசூர் கம்பெனியும் கற்பனை. தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

இரவு ஒன்றேகாலுக்குப் பதினொன்றாம் நம்பர் ரிங் பிரேம் நின்றது. ஓவர்லோடு விழுந்திருந்தது. ரீசெட் செய்தால் ஓடுகிறது, இரண்டு நிமிடத்தில் மறுபடி விழுகிறது. முருகேசன் ஐசொலேட்டரை இறக்கிவிட்டுப் பேனல் கதவைத் திறந்தான். உள்ளே பஞ்சு விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. காண்டாக்டரைக் கழற்றிப் பார்த்தால் மூன்று பாயிண்டில் நடுவில் இருந்தது கருகிக் குழிந்துபோயிருந்தது. ஒரு பேஸ் சரியாக வராமலே மோட்டார் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்டோரில் புதிது இல்லை. போன மாதம் கழற்றிப்போட்ட பழையதிலிருந்து பாயிண்டை எடுத்து மாட்டினான்.

"ஓடுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஓடும். எத்தனை நாளைக்குன்னு கேக்காதீங்க."

ஒன்று ஐம்பதுக்கு டீ. முருகேசன் டீயை வாங்காமல் கேட்டுக்கு நடந்தான். கேமரா போன் உள்ளே கூடாது என்பதால் டச் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவான். பட்டன் போன் மட்டும் செக்யூரிட்டி அறையில் புறாக்கூண்டு மாதிரி இருக்கும் மரத்தட்டில், 46ஆம் குழியில் கிடக்கும்.

ஓசூர் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் மேடத்திடம் செவ்வாய்க்கிழமை பேசியிருந்தான். ஐந்து ரோடு பக்கம் ஓட்டல் ஹாலில் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வாக்-இன் என்று சொல்லியிருந்தார். காலை 10, மதியம் 2 என்று இரண்டு ஸ்லாட். "எது வேணும்னு மெசேஜ்ல கன்பார்ம் பண்ணிடுங்க."

செக்யூரிட்டி அண்ணனின் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினான்.

"மேடம் நான் முருகேசன் எலக்ட்ரீஷியன். நாளைக்கு 10 மணிக்கா 2 மணிக்கா. என்ன கொண்டு வரணும்"

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. அயோத்தியாப்பட்டணம் வீட்டுக்குப் போய்க் குளித்தான். படுக்கவில்லை. படுத்தால் எழுந்திருக்க முடியாது. எட்டு ஐம்பதுக்குப் பதில் வந்தது.

"ஓகே. 10 மணி"

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, ஐந்து ரோட்டுக்குப் போய்ச் சேரும்போது பத்தாகப் பத்து நிமிடம். ஹால் வாசலில் ஒரு பெண் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்.

"எலக்ட்ரீஷியனா? இன்னிக்கு டர்னர், சிஎன்சி ஆபரேட்டர் மட்டும்தாங்க. உங்க பேரு நாளைக்கு லிஸ்ட்ல இருக்கு பாருங்க."

"மேடம் பத்து மணின்னு சொன்னாங்களே."

"நாளைக்கு பத்துன்னு நீங்கதானே கேட்டிருக்கீங்க?" போனைத் திருப்பிக் காட்டினார். அவன் அனுப்பியதுதான். "ஒரிஜினல் எல்லாம் இருக்கா?"

அவனிடம் ஜெராக்ஸ்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தூக்கம் கண்ணைச் சொருகியது. போனை எடுத்து "மேடம் நாளைக்கு" என்று அடித்தான். கடைசி வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். "வெள்ளி 14 காலை 10" என்று அடித்தபோது கண்டக்டர் முதுகில் தட்டி, "பட்டணம் இறங்குறியா இல்லையா?" என்றார்.

ஆத்தூர்க்காரன் (சனி, 6.45)

நல்லா இருக்கு. ஆனா காண்டாக்டர் கழற்றுவது எதுக்கு அவ்வளவு விவரம்? மெசேஜ் கதைதானே. அப்புறம் ஒரு சந்தேகம். வாக்-இன் என்றாலே நேராகப் போய் நிற்பதுதான். அதற்கு ஸ்லாட் எதற்கு? யாராவது ஸ்லாட் கேட்டால் அதுவே டுபாக்கூர் என்று அர்த்தம்.

கோரிமேடு ஹெச்ஆர் (சனி, 7.30)

பன்னிரண்டு வருஷமாகத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கிறேன். கதையில் வரும் மேடம் நானாகவே இருக்கலாம் போலிருக்கிறது.

ஆத்தூர்க்காரன் சொல்வது பாதி சரி. வாக்-இன்னுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், ஸ்லாட் இல்லாமல் வந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டோம், கடைசியில் உட்கார வைப்போம். ஆனால் இன்டர்வியூ எடுக்கும் பேனல் என்று ஒன்று வருகிறதே. எலக்ட்ரீஷியனைக் கேள்வி கேட்க மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வரவேண்டும், டர்னரைக் கேட்க மெஷின் ஷாப் ஆள் வேண்டும். இரண்டு பேரையும் இரண்டு நாள் முழுக்க கம்பெனி அனுப்பாது. அதனால் ஒரு நாளுக்கு ஒரு டிரேடு என்று பிரிப்போம். இந்தப் பிரிப்பு பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலம்தான் முடிவாகும். செவ்வாய்க்கிழமை போனில் "ரெண்டு நாளும் நடக்கும்" என்று அந்த மேடம் சொன்னபோது அவருக்கே தெரிந்திருக்காது. ஸ்லாட் என்பது இடம் பிடிப்பது இல்லை, கூட்டத்தைப் பிரிப்பது. அதனால்தான் முருகேசன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "பத்தா ரெண்டா" அல்ல. "எலக்ட்ரீஷியனுக்கு எந்த நாள்?" என்பதுதான். கதையில் அது எங்கேயும் வரவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை, எழுதியவருக்கும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

பஞ்சுத்தூசி (சனி, 7.42)

தோன்றவில்லைதான். ஒத்துக்கொள்கிறேன்.

ஜங்ஷன் குமார் (சனி, 8.05)

இந்த "நாளை" எனக்கும் நடந்தது. சேலம் ஜங்ஷனில் நள்ளிரவு 12 தாண்டி வரும் ரயிலுக்கு மாமியாருக்கு டிக்கெட் போட்டேன். சனிக்கிழமை ராத்திரி பயணம் என்று மனதில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை தேதியே போட்டுவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குப் பெட்டியோடு போய் நின்றால், அந்த ரயில் முந்தின ராத்திரியே போய்விட்டது. மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

தீர்வு ரொம்பச் சுலபம். 24 மணி நேரக் கணக்கில் எழுதினால் பிரச்சினையே வராது.

கோரிமேடு ஹெச்ஆர் (சனி, 8.15)

எப்படி வராது? முருகேசன் 10:00 என்று எழுதியிருந்தாலும் நாளை நாளைதானே. உங்கள் டிக்கெட்டில் 00:20 என்று 24 மணிக் கணக்கில்தானே போட்டிருந்தது?

ஜங்ஷன் குமார் (சனி, 8.17)

ஆமாங்க. அதுவும் சரிதான்.

பழைய டைம் ஆபீஸ் (சனி, 9.20)

தம்பி, கதை படித்தேன். நான் மில் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் இருந்து ரிட்டயர் ஆனவன். முருகேசன் தப்பாக எழுதியதாக எல்லோரும் பேசுகிறீர்கள். அவன் எழுதியது தப்பே இல்லை.

புதன் இரவு பத்து மணிக்குக் கார்டு பஞ்ச் பண்ணி உள்ளே போனவனுக்கு, வியாழன் காலை ஆறு வரை மஸ்டரில் புதன்கிழமைதான். நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். நடு ராத்திரி தாண்டியதும் தேதி மாற்றி இரண்டு நாள் போட்டால் ஓ.டி. கணக்கும் வார லீவு கணக்கும் குழம்பிப்போகும். இது மில் வழக்கம் மட்டும் இல்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 57ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. நைட் ஷிப்டுக்காகவே எழுதியது. ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால், அந்தத் தொழிலாளிக்கு அடுத்த நாள் என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடங்கும் 24 மணி நேரம். நள்ளிரவுக்குப் பிறகு அவன் பார்த்த வேலை முந்தின நாள் கணக்கில் சேரும். என் காலத்தில் புது கிளார்க் வந்தால் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம்.

ஆக ராத்திரி இரண்டு மணிக்கு முருகேசனுக்குக் கிழமை புதன்தான். அவனுடைய "நாளை" காலை ஆறு மணிக்குத்தான் பிறக்கிறது. அவன் சொன்ன நாளை வியாழன். அதில் ஒரு குற்றமும் இல்லை.

பஞ்சுத்தூசி (சனி, 9.31)

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. என் அப்பா "நேத்து நைட்" என்று சொல்வதை எந்த நாள் என்று பிரித்தறிய அம்மா படும் பாட்டைப் பார்த்து எழுதியது. சட்டத்திலேயே இருக்கும் என்று நினைக்கவில்லை.

கோரிமேடு ஹெச்ஆர் (சனி, 9.50)

டைம் ஆபீஸ் ஐயாவுக்கு வணக்கம். சட்டம் அவன் பக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் போனைத் திறக்கும்போது என் கையில் சட்டம் இருக்காது, ஒரு எக்செல் ஷீட் இருக்கும். முந்தின இரவு வந்த மெசேஜ் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் படித்துப் பெயர், டிரேடு, நாள், நேரம் என்று நாலு கட்டத்தில் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவேன். வியாழன் காலை எட்டரைக்கு "நாளைக்கு" என்று படித்தால் கை தானாக வெள்ளி என்று போடும்.

இன்னொன்று, "10 மணிக்கா 2 மணிக்கா" என்று கேட்டுவிட்டு அடுத்த வரியில் "என்ன கொண்டு வரணும்" என்று கேட்டால் இரண்டில் ஒன்றுக்குத்தான் பதில் வரும். வேண்டுமென்று செய்வதில்லை. ஒரு பதிலை அடித்துவிட்டால் அந்த மெசேஜ் முடிந்துவிட்டது என்று மனசு சொல்லிவிடும். கதையில் அந்த மேடமும் அதைத்தான் செய்திருக்கிறார். அதைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

மான்டபோர்ட் ரோடு (சனி, 10.25)

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கொண்டை ஊசி வளைவு இருபதிலும் எங்கெங்கே டவர் கிடைக்காது என்று எனக்கு மனப்பாடம். அதனால் ஒரு விஷயம் சொல்ல முடியும்.

ராத்திரி மேடம் போனை ஆஃப் பண்ணி வைத்திருந்தால், எஸ்எம்எஸ் நெட்வொர்க்கில் காத்திருந்து காலையில் ஆன் பண்ணியதும் வந்து விழும். பல போன்களில் பட்டியலில் தெரிவது அனுப்பிய நேரம் இல்லை, வந்து சேர்ந்த நேரம். அனுப்பிய நேரம் மெசேஜோடு கூடவே வருகிறதுதான், ஆனால் விவரம் என்று தேடி அழுத்தினால்தான் காட்டும். அதாவது ராத்திரி ஒன்று ஐம்பதுக்கு அவன் அனுப்பியது, அவர் கண்ணுக்கு "காலை 8.40" என்று தெரிந்திருக்கலாம். அப்படியானால் அவர் மேலும் தப்பு இல்லை.

ஆத்தூர்க்காரன் (சனி, 10.33)

அது வாட்ஸ்அப் இல்லாத காலத்துக் கதை. இப்ப எவன் எஸ்எம்எஸ் அனுப்புகிறான்? அதோடு ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடிக்கலாம். விவரமாக எழுத வேண்டியதுதானே.

மான்டபோர்ட் ரோடு (சனி, 10.58)

160 என்பது ஆங்கிலத்தில் அடித்தால். தமிழில் அடித்தால் 70 தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "மணி" என்பது நமக்கு இரண்டு எழுத்து, போனுக்கு மூன்று.

முருகேசன் மெசேஜை உட்கார்ந்து எண்ணினேன் (மழை, கரண்ட் இல்லை, வேறு வேலை இல்லை). 85 வருகிறது. 70ஐத் தாண்டிவிட்டதால் இரண்டு துண்டாகப் போகும். துண்டு போடும்போது ஒட்டுவதற்கான குறிப்புக்கு இடம் போய்விடும், ஒரு துண்டுக்கு 67 தான் கிடைக்கும். 67ல் வெட்டிப் பார்த்தேன். முதல் துண்டு "2 மணிக்கா." என்ற இடத்தில், முற்றுப்புள்ளியும் இடைவெளியுமாக முடிகிறது. இரண்டாவது துண்டு "என்ன கொண்டு வரணும்" மட்டும். நல்ல போனாக இருந்தால் ஒட்டிக் காட்டிவிடும். ஒரு துண்டு தாமதமானாலோ, ஒட்டத் தெரியாத போனாக இருந்தாலோ அந்தக் கேள்வி தனியாக, யாருடையது என்றே தெரியாமல் நிற்கும். பஞ்சுத்தூசி, இதைத் தெரிந்துதான் எழுதினீர்களா?

பஞ்சுத்தூசி (சனி, 11.04)

சத்தியமாக இல்லை.

ஓமலூர் பிரியா (சனி, 11.15)

எனக்கு ஒரு கன்சல்டன்சியிலிருந்து இதே மாதிரி மெசேஜ் வந்தது. "ஸ்லாட் கன்பார்ம் ஆக 500 ரூபாய் ஜிபே பண்ணுங்க, சம்பளத்தில் திரும்ப வரும்" என்று. அனுப்பிவிட்டேன். சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தால் பூட்டின கடை. இது அதுவா?

கோரிமேடு ஹெச்ஆர் (சனி, 11.28)

இல்லை பிரியா, கதையில் பணம் கேட்கவே இல்லை. உங்களிடம் நடந்தது ஏமாற்று. எங்களுக்குப் பணம் தருவது கம்பெனி, ஆள் சேர்ந்து சில மாதம் தங்கினால்தான் அதுவும் வரும். வேலைக்கு வருகிறவரிடம் ஸ்லாட்டுக்கு ஒரு ரூபாய் கேட்டாலும் போகாதீர்கள். சந்தேகமாக இருந்தால் "எந்த கம்பெனி, எந்த பிளான்ட், என்ன டிரேடு, பேனலில் யார் வருகிறார்கள்" என்று கேளுங்கள். நிஜமான ஆளுக்கு இதற்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கும். அந்த யுபிஐ விவரத்தை வைத்து 1930க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். லேட் ஆனாலும் பரவாயில்லை.

ஆத்தூர்க்காரன் (சனி, 11.36)

எல்லாம் சரி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பொம்பளைக்கு மெசேஜ் அனுப்புவது சரியா? அதை யாரும் கேட்கவில்லையே. காலை ஒன்பது வரை பொறுத்திருக்கலாம்.

கோரிமேடு ஹெச்ஆர் (சனி, 11.44)

போன் பண்ணினால் தப்பு. மெசேஜ் அது பாட்டுக்குக் கிடக்கும். ஷிப்டில் இருக்கிறவனுக்கு அதுதான் நேரம். எனக்கு வருவதில் பாதி ராத்திரிதான் வருகிறது.

பழைய டைம் ஆபீஸ் (சனி, 11.50)

அம்மா சொல்வது ஒரு பக்கம். இருந்தாலும் எங்கள் காலத்தில் ராத்திரியில் ஒரு வீட்டு போனை அடிக்கவிட மாட்டோம். மெசேஜ் வந்தாலும் சத்தம் வரத்தானே செய்யும். இதில் நான் ஆத்தூர்த் தம்பி பக்கம்.

பஞ்சுத்தூசி (ஞாயிறு, நள்ளிரவு 12.10)

சரி, திருத்தி எழுதலாம் என்று இருக்கிறேன். கோரிமேடு அக்கா, உங்களுக்கு வருகிற மாதிரி ஒரு சரியான மெசேஜ் எப்படி இருக்கும்?

கோரிமேடு ஹெச்ஆர் (ஞாயிறு, 12.22)

இப்படி வந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்:

"முருகேசன், எலக்ட்ரீஷியன், 9 வருடம். வியாழன் 13 காலை 10 மணிக்கு வருகிறேன். எலக்ட்ரீஷியன் அன்றைக்கா?"

கிழமையும் தேதியும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று தப்பானால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும். வியாழன் 14 என்று வந்தால் உடனே திருப்பிக் கேட்பேன். அப்புறம் கேள்வி ஒன்றுதான். "பத்தா ரெண்டா" என்று கேட்டால் என் "ஓகே" எதற்கு என்று எனக்கே தெரியாது. "பத்துக்கு வருகிறேன்" என்று சொன்னால் ஓகே என்றால் ஓகேதான்.

என்ன கொண்டு வரணும் என்று பதில் வந்த பிறகு தனியாகக் கேட்கலாம். கேட்காவிட்டாலும் ஐடிஐ சர்டிபிகேட் ஒரிஜினல், அப்ரன்டிஸ் முடித்திருந்தால் அந்த சர்டிபிகேட், ஆதார், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், பி.எஃப். யு.ஏ.என். நம்பர், இவ்வளவும் பையில் இருக்கட்டும். ஜெராக்ஸை மட்டும் கொண்டுவந்த ஆளைப் பேனல் பார்க்கும். ஆஃபர் எழுதும்போது ஒரிஜினலைப் பார்க்காமல் எழுத மாட்டார்கள்.

மான்டபோர்ட் ரோடு (ஞாயிறு, 12.30)

எண்ணிச் சொல்லட்டுமா? இதுவும் 70ஐத் தாண்டும், இரண்டு துண்டுதான்.

கோரிமேடு ஹெச்ஆர் (ஞாயிறு, 12.32)

போகட்டும் விடுங்கள். தேதி முதல் துண்டில்தானே இருக்கிறது.

பழைய டைம் ஆபீஸ் (ஞாயிறு, 12.38)

தம்பி, நீ திருத்தாதே. இந்த மாதிரி மெசேஜ் முருகேசன் அனுப்பினால் அவன் வியாழனே தெரிந்துகொண்டு வீட்டில் தூங்கிவிடுவான். அப்புறம் கதை எங்கே?

பஞ்சுத்தூசி (ஞாயிறு, 12.41)

மெசேஜை மாற்றவில்லை ஐயா. செவ்வாய்க்கிழமை போனில் "எலக்ட்ரீஷியனுக்கு எந்த நாள்னு நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்" என்று மேடம் சொல்வதாக ஒரு வரி சேர்க்கிறேன். சொல்ல மறந்துவிடுவார். காண்டாக்டர் அப்படியே இருக்கும், ஆத்தூர்க்காரன் மன்னிக்கவும்.

மேச்சேரி ஸ்பின்னிங் (ஞாயிறு, 12.50)

இப்பத்தான் ஷிப்ட் பிரேக்கில் படித்தேன். முருகேசா, வருத்தப்படாதே. எங்கள் மில்லிலும் எலக்ட்ரீஷியன் தேவைப்படுகிறது. காண்டாக்டர் ஸ்டோரில் புதுசாகவே இருக்கிறது. நாளைக்குக் காலையில் கேட்டில் வந்து என்னைக் கேள்.

பஞ்சுத்தூசி (ஞாயிறு, 12.52)

அண்ணா, நான் முருகேசன் இல்லை. அது கதை.

ஓமலூர் பிரியா (ஞாயிறு, 12.54)

அண்ணா, என் தம்பி ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்திருக்கிறான். அவனை அனுப்பலாமா? நாளைக்கு என்றால் ஞாயிறா, திங்களா?

மேச்சேரி ஸ்பின்னிங் (ஞாயிறு, 1.15)

ஞாயிறு ஆபீஸ் லீவும்மா. திங்கள் காலை 9 மணி. ஒரிஜினல் எடுத்துவரச் சொல்.